மணி அடிக்கிறது, அவன் மட்டும் எழும்பவில்லை

"அக்கா, மூத்தவனுக்கு ஒன்பது வயது முடிஞ்சுது. இன்னும் கிழமையில ஐஞ்சு ஆறு இரவு பாயில சலம் போறான். கனடாவில இருக்கிற அண்ணா நனைஞ்சா மணி அடிக்கிற கருவி ஒன்று அனுப்பினவர். ரெண்டு கிழமையாப் பூட்டுறம். வீட்டில எல்லாரும் எழும்புறம், அவன் மட்டும் எழும்புறதே இல்லை. இதுக்குள்ள தங்கச்சிக்காரி பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டாள், இப்ப பொடியங்கள் பட்டம் வைச்சுக் கூப்பிடுறாங்களாம். கருவியை நிப்பாட்டிப்போட்டு குளிசை கேக்கவோ?"

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. எல்லாரும் எழும்ப அவன் மட்டும் எழும்பாமல் கிடக்கிறான் என்பது கருவி பிழைத்துவிட்டது என்பதற்கு அடையாளம் இல்லை, முதல் இரண்டு மூன்று கிழமை அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கும். மணி அடித்தால் பிள்ளை துள்ளி எழும்பும் என்று பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து நினைக்கிறோம். உண்மையில் தொடக்கத்தில் அந்த மணி அடிப்பது உங்களுக்குத்தான். நீங்கள் எழும்பிப்போய் அவனை எழுப்ப வேண்டும். இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் வெளிநாட்டில் இருந்து காசு செலவழித்து அனுப்பிய கருவிகள் மூன்றாம் கிழமையே அலுமாரிக்குள் போய்விடுகின்றன. பிள்ளைகள் கிளினிக்கில் தாதியாக வேலை செய்த காலத்தில் நான் கண்ட தோல்விகளில் அரைவாசிக்கு மேல் இந்த வகைதான்.

என்ன நடக்கிறது என்று வன்னிக்காரருக்கு விளங்கப்படுத்துவது சுகம். சலப்பை ஒரு குளம் என்று வையுங்கள். இரவில் குளம் வான்பாய்வதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, வரத்து கூட. பெரியவர்களுக்கு இரவில் சலம் உருவாவதைக் குறைக்கும் ஒரு ஹோர்மோன் நன்றாகச் சுரக்கும், சில பிள்ளைகளுக்கு அது இன்னும் போதிய அளவு சுரக்கத் தொடங்கியிராது. இரண்டாவது, குளம் சின்னன், அல்லது நிரம்ப முன்பே சுருங்கித் தள்ளுகிறது. மூன்றாவது, அணைக்கட்டில் படுத்திருக்கும் காவலாளி எழும்புவதில்லை, அதாவது பை நிறைந்துவிட்டது என்ற செய்தி நித்திரையில் இருக்கும் மூளையைத் தட்டி எழுப்புவதில்லை. மூன்றாவது காரணம் அநேகமாக எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும், முதலிரண்டில் ஒன்றோ இரண்டுமோ அதோடு சேர்ந்திருக்கும். சோம்பல், பஞ்சி, அடம் என்பவை இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. நித்திரையில் இருப்பவன் அடம்பிடிக்க முடியாது.

மணிக்கருவி திருத்துவது அந்தக் காவலாளியை. சலத்தில் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும், முதல் சொட்டு கிளிப்பில் பட்டதும் சுற்று முழுமையாகி மணி அடிக்கும். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1904 இல் ஃபவுண்ட்லர் என்ற ஐரோப்பியக் குழந்தை மருத்துவர், எந்தக் கட்டில் நனைந்தது என்று வார்டுத் தாதிமாருக்குத் தெரியட்டும், உடனே துணி மாற்றட்டும் என்பதற்காகத்தான் மணி பூட்டினார். கொஞ்சக் காலத்தில் பார்த்தால் பிள்ளைகள் நனைப்பதே குறைந்துபோயிருந்தது. பிறகு 1938 இல் அமெரிக்காவில் மவ்ரர் என்ற கணவனும் மனைவியும் அதையே ஒரு சிகிச்சையாக எழுதினார்கள். தாதிக்காகப் பூட்டிய மணி பிள்ளையைத் திருத்தியது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோசம்.

ஆனால் மணியைத் தொடர முன்பு சில விசயங்களை உறுதிப்படுத்த வேண்டும். அவன் எப்போதாவது தொடர்ந்து ஆறு மாதம் நனைக்காமல் இருந்துவிட்டுத் திரும்பத் தொடங்கினவனா? அப்படியென்றால் கதை வேறு. புதிதாகத் தொடங்கிய நனைப்போடு தண்ணீர் விடாய் கூட, அடிக்கடி சலம், உடம்பு மெலிவு என்றும் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும், அது நாட்கணக்கில் ஆபத்தாகக்கூடியது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலம் போகும்போது எரிவு, காய்ச்சல் என்றால் கிருமித்தொற்றா என்று சலம் பரிசோதிக்க வேண்டும். வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ வரும் வழியிலோ யாராவது பயமுறுத்துகிறார்களா, தொடக்கூடாத விதமாகத் தொடுகிறார்களா என்பதையும் புதிதாகத் தொடங்கிய பிள்ளையிடம் மெதுவாகக் கேட்க வேண்டும். பகலிலும் காற்சட்டை நனைகிறது, சலம் முக்கி முக்கிப் போகிறது, நடையில் ஏதோ வித்தியாசம், பலமான குறட்டை, இவையும் மணிக்கு முன்னம் டாக்டரிடம் காட்ட வேண்டியவை.

எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் "செல்லடி பயம்" என்று சொல்லி முடித்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. 2009 இல் பங்கருக்குள் இருந்து திரும்ப நனைக்கத் தொடங்கிய பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன், அது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு பிறந்து, பிறந்த நாளில் இருந்து ஒரு கிழமைகூடக் காயாமல் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் பரம்பரைதான் பேசுகிறது. தாயோ தகப்பனோ ஒருவர் சின்னனில் நனைத்திருந்தால் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இது வரும், இரண்டு பேரும் என்றால் பத்துக்கு ஏழு எட்டு. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் "சீச்சீ" என்பார். மாமியிடம் கேளுங்கள்.

சரி, ஒரு பிள்ளையின் கதையை முழுதாகச் சொல்கிறேன், அதிலேயே செய்முறை எல்லாம் வந்துவிடும். முள்ளியவளைப் பக்கம், பத்து வயதுப் பெண்பிள்ளை, தாய் வெளிநாட்டில், அம்மம்மாவோடு இருந்தாள். புலமைப்பரிசில் வகுப்பு. ஒவ்வொரு இரவும் நனைவாள். அம்மம்மா செய்யாத வைத்தியம் இல்லை, நூல் கட்டியாயிற்று, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் கொடுக்காமல் விட்டாயிற்று, இரவு பதினொரு மணிக்குத் தூக்கிக்கொண்டுபோய் இருத்தியும் பார்த்தாயிற்று. தூக்கிக்கொண்டு போவதால் அந்த இரவுப் பாய் தப்பலாம், ஆனால் பிள்ளை ஒன்றும் பழகுவதில்லை. அரை நித்திரையில் சலம் போக வைப்பதால் காவலாளிக்கு ஒரு பாடமும் இல்லை.

முதலில் நாங்கள் மணியைத் தொடவே இல்லை. ஒரு அளவுச் சாடி கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவள் போகும் சலத்தை அளந்து எழுதச் சொன்னோம். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அந்த வயதுப் பிள்ளையின் பை கொள்ளக்கூடிய அளவு மில்லிலீட்டரில் வரும். பத்து வயதுக்கு 330. உங்கள் மகனுக்கு 300. விடியற்காலைச் சலத்தை விட்டுவிட்டு மற்றவற்றில் மிகப் பெரிய அளவைப் பார்க்க வேண்டும். இவளுக்கு அது 180 தான். குளம் சின்னன். ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், பள்ளிக்கூட மலசலகூடத்துக் கதவுக்குக் கொண்டி இல்லை, அதனால் காலை ஏழு மணி தொடக்கம் இரண்டு மணி வரை அடக்கிக்கொண்டு இருப்பாள், அடக்க வேண்டுமே என்பதற்காகத் தண்ணீரும் குடிக்கமாட்டாள். வெயிலில் வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் குடிப்பாள். இரவு ஒன்பது மணிக்குப் படிப்பதற்கு நித்திரை வரக்கூடாது என்று அம்மம்மா ஆசையோடு பிளேன்ரீ வேறு போட்டுக் கொடுப்பார். வயிறும் மூன்று நாளைக்கு ஒருக்கா, அதுவும் ஆட்டுப்புழுக்கை மாதிரி. மலம் இறுகி நிறைந்திருந்தால் அது முன்னால் இருக்கும் சலப்பையை நெருக்கும். இதைக் கவனிக்காமல் மணி பூட்டினால் மாதக்கணக்கில் மணிச் சத்தம் கேட்டதுதான் மிச்சமாக இருக்கும்.

ஆகவே முதல் மூன்று கிழமை பகல் வேலை. தண்ணீரைக் குறைக்கவில்லை, நேரத்தை மாற்றினோம். காலையில் ஒரு கப், பள்ளிக்கூடத்தில் போத்தலோடு இடைவேளைக்கு முன்பும் பின்பும், மத்தியானம், பின்னேரம் என்று நாள் முழுக்கப் பரப்பிக் குடித்தாள். இந்த வயதில் நாளைக்கு ஒன்றரை லீட்டர் அளவு வேண்டும், எங்கள் சித்திரை வைகாசி வெயிலுக்கு இன்னும் கூட. படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தினால் போதும். தேத்தண்ணி, கோப்பி, கோலா பின்னேரத்துக்குப் பிறகு இல்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா, முட்டுகிறதோ இல்லையோ, போய் இருந்துவிட்டு வர வேண்டும். மலம் இளக டாக்டர் லக்ரியூலோஸ் பாணி எழுதினார், வளவுப் பப்பாசிப்பழமும் சேர்ந்தது. கொண்டிக்கு அம்மம்மாவே போய் அதிபரிடம் கதைத்தார், அது தனிச் சண்டை, விடுங்கள்.

மார்ச் நடுப்பகுதியில் மணி பூட்டினோம். கிளிப் ஜங்கிக்கு முன்பக்கம், சலம் முதலில் படும் இடத்தில் வர வேண்டும், வயர் சட்டைக்குள்ளால் போய் மணிப்பெட்டி தோளில் குத்தியிருக்கும். பெண்பிள்ளைக்குக் கிளிப் கொஞ்சம் கீழே வரும். உங்கள் மகன் சாரத்தோடு படுக்கிறவன் என்றால் அதற்குள் இறுக்கமான ஜங்கி கட்டாயம், தொளதொளத்த துணியில் கிளிப் பூட்டினால் சலம் அதைத் தொட முன்பே பாய் நனைந்துவிடும். வெக்கைக் காலத்தில் வியர்வைக்கும் மணி அடிக்கும். அதற்கு இரண்டு ஜங்கி போட்டு வெளியில் உள்ளதில் கிளிப்பைப் பூட்டினால் சரிவரும். கரண்ட் அடிக்குமோ என்று அம்மம்மா கேட்டார். சின்னப் பற்றரிதான், ஒன்றும் செய்யாது. ஆனால் பொத்தான் மாதிரி வட்டப் பற்றரி போடுகிற கருவி என்றால் அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் தொண்டைக் குழாயை அரித்துவிடும், அது உயிர்ப் பிரச்சினை.

இரவு ஒழுங்கு இப்படி. படுக்க முன் சலம் போய்விட்டு வந்து, அவள் கையாலேயே கிளிப்பைப் பூட்டி ஒரு தரம் ஈரத் துணியால் தொட்டு அடிக்கிறதா என்று பார்ப்பாள். பாய்க்குக் கீழே பொலித்தீன், மேலே பழைய சேலையை நாலாக மடித்து ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று, நனைந்தால் மேலதை உருவினால் போதும். நுளம்புவலையைக் கால்மாட்டுப் பக்கம் மட்டும் செருகாமல் விடுவது, அந்தரத்தில் வலைக்குள் சிக்கி அழுத பிள்ளைகள் உண்டு. டோர்ச் தலைமாட்டில். மலசலகூடம் வளவுக் கோடியில் என்றபடியால் இரவில் அங்கே போவதில்லை, பாம்பு பூச்சிக்குப் பயம், தவிர இருட்டுக்குப் பயந்தே பிள்ளை எழும்பாமல் விடும். விறாந்தையில் மூடியோடு ஒரு வாளி.

மணி அடித்ததும் அம்மம்மா உடனே போவார், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்பது இல்லை. அவர் மணியை நிறுத்தக்கூடாது, இதுதான் எல்லாரும் விடும் பிழை. மணி அடித்துக்கொண்டே இருக்க, அவளை எழுப்பி, முகத்தில் ஈரத் துணி வைத்து, அவள் கண்ணைத் திறந்து தன் கையால் நிறுத்த வேண்டும். நீங்கள் நிறுத்தினால் மணியும் எழும்புவதும் மூளையில் ஒன்றோடொன்று சேராது. எழும்பி நடந்தால்கூட அது விழிப்பு என்று இல்லை, நித்திரையிலேயே வாளியடிக்குப் போய்விட்டு வந்து படுத்து, விடிய ஒன்றும் தெரியாது என்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு விளையாட்டு வைத்தோம். படுக்கும்போது அவள் ஒரு குளத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் படுப்பாள், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம், இரணைமடு என்று இரவுக்கு ஒன்று. மணி அடித்ததும் அம்மம்மா "இண்டைக்கு எந்தக் குளம்?" என்று கேட்பார். சரியான குளத்தைச் சொன்னால்தான் முழிப்பு என்று அர்த்தம். பிறகு வாளியில் மிச்சச் சலத்தையும் போய், கழுவி, உடுப்பு மாற்றி, கிளிப்பைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டிப் படுப்பது. எல்லாம் பத்து நிமிசம். பேச்சு இல்லை, ஏச்சு இல்லை, நடுச்சாமத்தில் புத்திமதி இல்லவே இல்லை.

விடிய ஒரு கொப்பியில் மூன்று விசயம்: எத்தனை மணிக்கு அடித்தது, நனைவு எவ்வளவு பெரிது, அவளாக எழும்பினாளா எழுப்பியதா. இந்தக் கொப்பி இல்லாவிட்டால் முன்னேற்றம் உங்கள் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் அது "காய்ந்த இரவு" என்ற வடிவில் முதலில் வருவதில்லை.

அவளுடைய கொப்பியில் முதல் கிழமை ஏழு இரவும் நனைவு, அதில் இரண்டு இரவு இரண்டு தரம். மணி பன்னிரண்டு மணியளவில் அடித்தது, நனைவு பாய் முழுக்க, எல்லா நாளும் எழுப்பியதுதான், குளத்தின் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. இரண்டாம் கிழமையும் ஏழு நனைவு, ஆனால் மூன்று இரவு குளத்தைச் சொன்னாள். நீங்கள் இப்போது நிற்பது இந்த இடத்தில்தான். மூன்றாம் கிழமையும் ஏழு நனைவு, ஆனால் பாய் முழுக்க அல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. அதாவது மணி அடித்ததும் உடம்பு சலத்தைப் பாதியில் மறிக்கத் தொடங்கிவிட்டது. அம்மம்மா வந்து "ஒரு நாளும் காயேல்லை மகள், ஏழுக்கு ஏழு" என்றார். தட்டைக் காட்டித்தான் அவரைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. நாலாம் கிழமையில் மணி மூன்று மணிக்குப் பின்தள்ளிப் போனது, இரண்டு இரவு அம்மம்மா போக முன்பே எழும்பி இருந்தாள். ஆறாம் கிழமை மூன்று காய்ந்த இரவு. எட்டாம் கிழமை ஐந்து, அதில் ஒரு இரவு மணியே இல்லாமல் தானாக எழும்பி வாளிக்குப் போயிருந்தாள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் இரவிரவாக முழித்து, கண்டபாட்டுக்குச் சர்பத்தும் குடித்து, வந்து படுத்த இரண்டு இரவும் பாய் முழுக்க. அம்மம்மா எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்தார். களைத்த உடம்பு அப்படித்தான், மூன்றாம் நாள் காய்ந்தது. பதினாலாவது கிழமை முடியும்போது தொடர்ந்து பதினாலு இரவு காய்ந்திருந்தது. அதுதான் நாங்கள் பிடிக்கும் எல்லை.

அந்தப் பதினாலோடு மணியைக் கழற்றவில்லை. இப்போது வேண்டுமென்றே குளத்தை நிரப்பினோம். படுக்கும்போது அரைக் கப் தண்ணீர், இரண்டு காய்ந்த இரவுக்கு ஒருக்கா இன்னும் கொஞ்சம் கூட்டி, ஒரு முழுக் கப்புக்கு மேலே வரை. இடையில் ஒரு இரவு நனைந்தாள், அளவைக் கொஞ்சம் குறைத்துத் திரும்ப ஏறினோம். நிறைந்த பையோடும் எழும்பப் பழகிய பிள்ளை திரும்ப விழுவது குறைவு. அப்படியும் மார்கழி மழையில் காய்ச்சலோடு நாலு இரவு நனைந்தாள், மணியைத் திரும்பப் பூட்டினோம், இந்த முறை ஒன்பதே இரவில் சரி.

எல்லாருக்கும் இப்படி முடியாது. மணியை ஒழுங்காகப் பாவிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் காய்வார்கள், அதில் ஒரு பகுதி பிறகு திரும்ப நனைப்பார்கள், திரும்பப் பூட்ட வேண்டி வரும். நாலு கிழமை முடியும்போது கொப்பியைப் பாருங்கள். நனைவு சின்னதாகிறதா, மணி பிந்துகிறதா, இரண்டு தரம் ஒருதரமாகிறதா, எழுப்புவது சுகமாகிறதா, இதில் ஒன்றாவது இருந்தால் தொடருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் டாக்டரிடம் கொப்பியோடு போங்கள். நனைவு குறைந்துகொண்டு வந்தால் மூன்று மாதத்துக்கு மேலேயும் தொடரலாம். வீட்டில் அந்தளவுக்கு ஆள்பலம் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது, இரவு வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இப்போது நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துத் தொடங்குவது குற்றமில்லை. அரைகுறையாகச் செய்து பிள்ளைக்கு "இதுவும் எனக்குச் சரிவராது" என்று படவிடுவதுதான் கூடாது.

குளிசை கேட்டீர்கள். டெஸ்மோபிரெசின் என்பது இரவு வரத்தைக் குறைக்கும் மருந்து, காவலாளியை அது தொடாது. எடுக்கிற இரவு பல பிள்ளைகளுக்குக் காயும், விட்டதும் பெரும்பாலும் திரும்பும். சாரணர் பாசறை, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் மாதிரி நாலு ஐந்து இரவுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு கட்டாயம் உண்டு: குளிசைக்கு ஒரு மணித்தியாலம் முன்பில் இருந்து எட்டு மணித்தியாலம் பின்பு வரை தண்ணீர் குடிக்கக்கூடாது, மிஞ்சினால் ஒரு மிடறு. மீறினால் உடம்பில் தண்ணீர் தேங்கி இரத்தத்தில் உப்பு இறங்கி, தலையிடி, சத்தி, வலிப்பு வரை போகும். விளையாடிவிட்டு வந்து செம்போடு கவிழ்க்கிற பிள்ளைகள் இருக்கிற எங்கள் ஊரில் இது பேச்சுக்குச் சொல்லும் எச்சரிக்கை இல்லை. வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் நாட்களில் கொடுக்கவே கூடாது. இமிப்பிரமின் என்ற பழைய குளிசையையும் சிலர் சொல்வார்கள், அது கூடுதலாகப் போனால் இருதயத்தைத் தாக்கும், வீட்டில் சின்னப் பிள்ளை எடுத்து விழுங்கினால் உயிர் போகலாம், டாக்டர் பார்த்து எழுதாமல் கிட்டவும் போகாதீர்கள்.

இனி பட்டப்பெயர் விசயம். மகளை அடித்தீர்களா தெரியாது, அடித்திருந்தால் போகட்டும், இனி வேண்டாம். அவளும் இரண்டு கிழமையாக நடுச்சாமத்தில் எழும்பிக்கொண்டு இருக்கிறாள், அந்தக் கோபம்தான் பள்ளிக்கூடத்தில் வாயால் வந்திருக்கும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணாவின் மூளைக்கு இரவில் செய்தி போகாத ஒரு சின்னப் பிரச்சினை, அதற்கு இப்போது வைத்தியம் நடக்கிறது, இது எங்கள் வீட்டுக்குள் இருக்கிற கதை என்று சொல்லுங்கள். முடிந்தால் மணி நாட்களில் அவளை அம்மம்மாவோடு மற்ற அறையில் படுக்க விடுங்கள். தகப்பனோ மாமாவோ சின்னனில் நனைத்தது உண்மையென்றால், அதை அவர் வாயாலேயே மகனுக்குச் சொல்ல வையுங்கள். நீங்கள் நூறு தரம் "பரவாயில்லை" என்று சொல்வதை விட அது வேலை செய்யும். பெரிய மீசையோடு இருக்கிற அப்பாவும் ஒன்பது வயதில் நனைத்தவர் என்று கேட்ட ஒரு பொடியன் கிளினிக்கில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் பட்டம் ஒட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் மணத்தால். ஆகவே காலையில் துடைத்துவிடுவது போதாது, இடுப்புக்குக் கீழே சவர்க்காரம் போட்டுக் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் சீருடை. சீருடையை அவன் படுக்கிற அறையில் தொங்கவிடாதீர்கள். நனைந்த சேலைத்துண்டை உடனே தண்ணீரில் அலசுங்கள், காயவைத்துவிட்டுத் துவைக்கிற கதை வேண்டாம், காய்ந்த சலம்தான் நாறும். இன்னொன்று, பாயை றோட்டுப் பக்க வேலியில் போடாதீர்கள். ஊர் முழுக்க வாசிக்கும் அறிவித்தல் அது. பின்வளவில் கட்டுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காயாது என்பதால் மடிக்கிற துணியில் மூன்று நாலு செற் வைத்திருக்க வேண்டி வரும்.

ஆசிரியரிடம் சொல்வதா என்று மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரியாமல் போனால் அதுவும் இன்னொரு காட்டிக்கொடுப்புத்தான். வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியது இரண்டே விசயம்: கேட்டதும் வெளியே போக விட வேண்டும், பட்டம் கூப்பிடுவதை அவர் காதில் விழுந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வகுப்புக்கு முன்னால் அவனைப் பற்றிப் பிரசங்கம் வைக்கக்கூடாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்வார்கள். கூப்பிடுகிற பொடியங்களுக்கு அவன் என்ன சொல்வது என்பதையும் வீட்டில் பழக்குங்கள். "அது ஒரு வருத்தம், மருந்து நடக்குது, உனக்கென்ன?" என்று ஒரு வசனம், சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டுப் போவது. அழுதுகொண்டோ அடித்துக்கொண்டோ நின்றால் அவர்களுக்கு அது விளையாட்டு. அடுக்களையில் நாலு தரம் நீங்கள் பட்டப்பெயரைச் சொல்ல, அவன் பதில் சொல்லிப் பழகட்டும். முதல் தரம் உங்களுக்குத்தான் அழுகை வரும்.

பரிசு கொடுப்பதென்றால் காய்ந்த இரவுக்குக் கொடுக்காதீர்கள். அது அவன் கையில் இல்லாத விசயம், காய்ந்தால் சைக்கிள் என்று சொன்னால் நனைகிற ஒவ்வொரு இரவும் சைக்கிளும் போகிறது. தன் கையால் மணியை நிறுத்தினதற்கு, குளத்தின் பெயரைச் சொன்னதற்கு, பகலில் போத்தலை முடித்ததற்கு, துணியைத் தானே வாளியில் போட்டதற்கு ஒரு நட்சத்திரம் கீறுங்கள். துணியைப் போட வைப்பதும் தண்டனை மாதிரி இருக்கக்கூடாது, "நீ கிளிப்பைக் கழுவு, நான் சேலையை விரிக்கிறன்" என்று இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கட்டும். நானும் ஒரு தாதி, பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்று கிளினிக்கில் சொல்லிக்கொண்டு இருந்தவள், என் மகன் ஏழு வயதில் மூன்றாம் தரமாக மெத்தையை நனைத்த ஒரு விடியற்காலையில் கையை ஓங்கி அடித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் நனைந்த துணியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தான். நனைவது குறையவில்லை, எனக்குத் தெரிய வருவதுதான் குறைந்தது.

இன்றிரவு மணி அடித்தால் நீங்கள் போங்கள், மணியை அவன் நிறுத்தட்டும். கொப்பியை இன்றைக்கே தொடங்கி, இரண்டு கிழமை கழித்து அதில் உள்ளதை எழுதுங்கள், மலம் எத்தனை நாளைக்கு ஒருக்கா என்பதையும், ஞாயிற்றுக்கிழமை சாடியில் வந்த பெரிய அளவையும் சேர்த்து.